அட்டை மன்னார்குடியில், அரிசி பெங்களூருவில்

"ஐயா வணக்கம். நான் துவாஸ்ல கப்பல் பட்டறையில வெல்டர். ஒர்க் பெர்மிட்ல வந்து ஏழு வருஷம் ஆச்சு. வீடு மன்னார்குடி பக்கம். வர்ற ஜூன்ல வீட்டுக்காரியும் ரெண்டு பிள்ளைகளும் பெங்களூருக்குக் குடிபோறாங்க. அங்க என் மச்சான் கார்மெண்ட்ஸ்ல அவளுக்கு வேலை பாத்து வெச்சிருக்காரு. அம்மா ஊரை விட்டு வரமாட்டேன்னுட்டாங்க. ரேஷன் கார்டுல என்னோட சேத்து அஞ்சு பேரு. கார்டை பெங்களூருக்கு மாத்த முடியுமா? இல்ல சரண்டர் பண்ணிட்டு அங்க புதுசு எடுக்கணுமா? அம்மாவுக்கு அரிசி நின்னுடுமா? கார்டுல குடுத்திருக்கிற போன் நம்பர் என் பழைய இந்தியா சிம், அது இப்ப வேலை செய்யல."
— வாசகர், துவாஸ்

தம்பி, இன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது அட்டையின் முன்பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். குடும்பத் தலைவர் படம் இருக்கிற பக்கம். அதில் PHH, PHH-AAY, NPHH என்று ஏதாவது ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். அந்தச் சில எழுத்துகளைப் பார்க்காமல் எந்த அலுவலகத்துக்கும் யாரும் போக வேண்டாம். சரண்டர் என்ற பேச்சையும் அதுவரை எடுக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் வட்ட வழங்கல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஈசூனில் மகள் வீட்டில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் அட்டை எந்த வகை என்று தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருந்ததில்லை. நம் ஊரில் 2011 ஜூன் மாதத்திலிருந்து அரிசி அட்டை வைத்திருக்கிற எல்லோருக்கும் அரிசி இலவசம். 2016 நவம்பரில் மத்திய அரசின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, குடும்பங்களை முன்னுரிமை உள்ளவை, முன்னுரிமை இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்தார்கள். PHH என்றால் முன்னுரிமைக் குடும்பம். PHH-AAY என்றால் அந்தியோதயா, அதாவது மிகவும் ஏழ்மையான குடும்பம். NPHH என்றால் முன்னுரிமை இல்லாதது. ஆனால் NPHH குடும்பத்தின் அரிசியையும் மாநில அரசு தன் செலவில் தொடர்ந்து இலவசமாகக் கொடுத்தது. அதனால் கடை வரிசையில் நிற்கிற யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஓசூரைத் தாண்டும்போதுதான் அது தெரியவரும்.

ஒரு மாநிலத்தின் அட்டையை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றுவது என்று ஒரு நடைமுறையே கிடையாது. மன்னார்குடி அட்டை பெங்களூரு அட்டையாக மாறாது. ஆனால் அட்டையை மாற்றாமலேயே அரிசியை அங்கே வாங்கலாம். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' என்பது அதுதான். 2019-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2022-க்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. கர்நாடகமும் அதில் உண்டு. இதற்கு விண்ணப்பம், கட்டணம், கையெழுத்து எதுவும் கிடையாது. 'பெங்களூருக்கு மாற்றித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால், இல்லாத ஒன்றை விற்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனைதான்: அட்டை PHH ஆகவோ PHH-AAY ஆகவோ இருக்க வேண்டும். வெளிமாநிலத்தில் கொடுக்கும் அரிசி மத்திய அரசின் கணக்கில் வருவது. அந்தக் கணக்கில் இந்த இரண்டு வகைக் குடும்பங்கள் மட்டுமே உள்ளன.

உங்கள் அட்டை PHH என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். மத்தியச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ. ஐந்து பேருக்கு 25 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து இதற்கு விலையும் கிடையாது. உங்கள் மனைவி பெங்களூருவில் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்து ரேஷன் கடையில், கன்னடத்தில் 'நியாயபெலெ அங்கடி' என்பார்கள், அட்டை எண்ணையோ தன் ஆதார் எண்ணையோ சொல்லி இயந்திரத்தில் விரல் வைத்தால், உங்கள் குடும்பத்துக்கு அந்த மாதம் எத்தனை கிலோ மிச்சம் இருக்கிறது என்று திரையில் வரும். அதில் எத்தனை கிலோ வேண்டுமோ அதை மட்டும் வாங்கலாம். முழுவதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. மிச்சத்தை ஊரில் அம்மா வாங்கிக்கொள்ளலாம்.

சண்டை வருவது இந்த இடத்தில்தான். 25 கிலோவும் ஒரே பானை. யார் முதலில் போகிறாரோ அவர் முழுவதையும் எடுத்துவிட்டால் மற்றவருக்குத் திரையில் ஒன்றும் இருக்காது. மாதத் தொடக்கத்தில் அம்மா வழக்கம்போல ஊர்க் கடைக்குப் போய், கடைக்காரர் வழக்கம்போல முழு அளவுக்கும் பில் போட்டுவிட்டால், பத்தாம் தேதி பெங்களூருவில் விரல் வைக்கிற மனைவி வெறும் பையோடு திரும்புவார். அங்கே உள்ள கடைக்காரர் மீது தவறு இருக்காது. 'வெளி மாநில கார்டு இங்கே எடுக்காது' என்று அவர் சொன்னாலும், உண்மையில் நடந்தது இதுவாக இருக்கலாம். வாங்காமல் விட்ட அரிசி அடுத்த மாதத்தில் சேரவும் சேராது. ஆகவே மனைவி முதலில் வாங்கட்டும், வாங்கி முடித்ததும் அம்மாவுக்குப் போன் செய்யட்டும், அதன் பிறகு அம்மா கடைக்குப் போகட்டும். அம்மா கடையில் அளவைச் சொல்லித்தான் பில் போடச் சொல்ல வேண்டும்.

பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேராது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கொடுப்பது தமிழ்நாட்டு அரசின் சொந்தத் திட்டம். அவை தமிழ்நாட்டுக் கடையில் மட்டுமே கிடைக்கும். அம்மா ஊரிலேயே இருப்பதால் அவற்றை அவர் தொடர்ந்து வாங்கலாம். பொங்கல் பரிசும் அப்படித்தான். அதேபோல, கர்நாடக அரசு தன் மக்களுக்கு மத்திய அளவுக்கு மேல் கொடுப்பது எதுவும் உங்கள் அட்டைக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரர் கூடுதலாக வாங்குவதைப் பார்த்து உங்கள் மனைவி கடைக்காரரோடு வாதாட வேண்டாம்.

இனி உங்கள் சிம். மற்ற எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். இங்கே தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் பேசுகிற பிள்ளைகளில் பலருக்கு இதே நிலைமை. அட்டை எடுத்த காலத்தில் வீட்டில் இருந்த ஒரே போன் கணவனுடையது, அதைக் கொடுத்திருப்பார்கள். அவர் சிங்கப்பூர் வந்ததும் ரீசார்ஜ் நின்றுபோகும். கொஞ்ச காலத்தில் நிறுவனம் அந்த எண்ணை முடக்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் குடும்பத்தின் ஓடிபி முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். விரல் ரேகை பதியாதபோது கடையில் கேட்பதும், tnpds.gov.in தளத்தில் பயனாளியாக நுழையக் கேட்பதும் அந்த ஓடிபியைத்தான். கடையில் பொருள் வாங்கியதும் வருகிற குறுஞ்செய்தியும் அந்த எண்ணுக்கே போகும். நீங்கள் வாங்காத பாமாயிலை வாங்கியதாக யாராவது பில் போட்டால் தெரிந்துகொள்ள உங்களுக்கு இருக்கும் எளிய வழி அந்தக் குறுஞ்செய்தி.

அதனால் ஜூன் வரும்வரை காத்திருக்காமல், மனைவி ஊரில் இருக்கும்போதே வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போய் கைப்பேசி எண்ணை மாற்றிவிடட்டும். அம்மாவின் எண்ணைவிட மனைவியின் எண்ணே நல்லது. அம்மாவுக்கு ஊர்க் கடையில் ரேகை விழாத நாளில் மனைவி பெங்களூருவிலிருந்து ஓடிபியைப் போனில் சொல்லிவிடலாம். நீங்கள் இங்கிருந்து இதைச் செய்ய முயன்று ஓய்ந்துபோக வேண்டாம். தளம் இங்கே திறந்தாலும் ஓடிபி சிங்கப்பூர் எண்ணுக்கு வராது. உதவி எண்களான 1967, 14445 இரண்டும் இந்தியாவுக்குள் பயன்படுத்துவதற்கான சுருக்க எண்கள், அதனால் அந்த அழைப்பையும் வீட்டில் இருப்பவர்களே செய்யட்டும்.

அலுவலகம் போகிற அதே வாரத்தில் இன்னொரு சோதனையையும் செய்துவிடச் சொல்லுங்கள். வழக்கமாக அம்மாதான் ரேஷன் கடைக்குப் போவார் என்று நினைக்கிறேன். இந்த மாதம் மனைவி போகட்டும். அவர் விரல் வைத்து, அவர் பெயரில் பில் வர வேண்டும். வராவிட்டால் அவருடைய ஆதார் ரேஷன் அட்டையோடு சரியாக இணையவில்லை, அல்லது ஆதாரில் ரேகை பழசாகிவிட்டது. ஊரில் என்றால் ஒரு நாள் வேலை. பெங்களூருவில் போய்க் கண்டுபிடித்தால், 'உங்கள் மாநிலத்தில் சரிசெய்து வாருங்கள்' என்று சொல்லிவிடுவார்கள். மன்னார்குடிக்கு இரவுப் பேருந்து பிடிக்க வேண்டியதுதான். அட்டையில் உள்ளவர்கள் ஈ-கேஒய்சிக்காக விரல் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதையும் ஊர்க் கடையிலேயே முடித்துவிடலாம்.

ஈ-கேஒய்சி என்றதும் உங்கள் பெயருக்கு வந்தாக வேண்டும். இதைக் கேட்டு நீங்கள் வருத்தப்படலாம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஏழு வருடமாக அந்த வீட்டில் சாப்பிடவில்லை. ஆளுக்கு 5 கிலோ என்பது அந்த வீட்டில் இருந்து உண்பவருக்கான கணக்கு. இத்தனை நாள் உங்கள் பங்கும் சேர்ந்தே வந்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது ஒவ்வொரு உறுப்பினரையும் ரேகை வைத்துச் சரிபார்க்கிறார்கள். துவாஸில் இருந்துகொண்டு நீங்கள் ரேகை வைக்க முடியாது. சரிபார்க்காத பெயர் நீக்கப்படலாம், அட்டையே கேள்விக்கு உள்ளாகலாம். நீங்களே முன்வந்து பெயரை நீக்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அட்டையில் குடும்பத் தலைவர் நீங்களாக இருந்தால், முதலில் தலைவரை மனைவி பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்றிவிட்டு அதன் பிறகு உங்கள் பெயரை நீக்க வேண்டும். வரிசை மாறினால் விண்ணப்பம் திரும்பி வரும். ஊர் திரும்பும் காலத்தில் ஆதாரைக் காட்டி மறுபடி சேர்ந்துகொள்ளலாம். நீக்கிய பிறகு வெளிமாநிலக் கணக்கு நான்கு பேருக்கு 20 கிலோ. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் 15 பெங்களூருவில், அம்மாவுக்கு 5 ஊரில். இந்தப் பிரிவினை எல்லோருக்கும் நியாயமாகப் படும் என்று நம்புகிறேன்.

படத்தில் NPHH என்று இருந்தால் கதை வேறு. பெங்களூருவில் அந்த அட்டைக்கு ஒரு மணி அரிசியும் கிடைக்காது. எவ்வளவு சண்டை போட்டாலும் கிடைக்காது, இயந்திரமே ஏற்காது. அம்மாவுக்கு ஊரில் எதுவும் நிற்காது, மாநிலத் திட்டப்படி அவர் வாங்கிக்கொண்டே இருக்கலாம். அப்போது வீட்டில் ஒரு யோசனை வரும்: அம்மா வாங்குகிற அரிசியை மூட்டை கட்டிப் பேருந்தில் பெங்களூருவுக்கு ஏற்றிவிடலாமே என்று. தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். ரேஷன் அரிசியை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதைத் தடுப்பதற்கென்றே குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தில் வழக்குப் போடுவார்கள். பேரப் பிள்ளைகளுக்கு என்று எடுத்துவந்த பாட்டிகள் சோதனைச் சாவடியில் அழுது நின்றதைப் பார்த்திருக்கிறேன். மூட்டையில் இருந்தது இருபது கிலோகூட இருக்காது.

சரண்டரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இங்கே லாரி ஓட்டுகிற ஒரு தம்பி, அவர் குடும்பமும் உங்களைப் போலவே பெங்களூரு போனது. அவர்களுடைய அட்டை PHH. யாரோ சொன்னார்கள் என்று ஊரில் அட்டையை ஒப்படைத்துவிட்டு, அதற்கான சான்றை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரே ஆதார் இரண்டு மாநில அட்டைகளில் இருக்க முடியாது, ஆகவே கர்நாடகத்தில் புது அட்டைக்கு அந்தச் சான்று வேண்டும் என்பது சரிதான். ஆனால் அங்கே ஏழைக் குடும்பங்களுக்கான புதிய அட்டைக்கு விண்ணப்பம் எல்லா நாளும் வாங்குவதில்லை. திறக்கும்போது திறப்பார்கள், பிறகு நிறுத்திவிடுவார்கள். வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று என்று அலைந்து ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் குடும்பத்துக்கு எந்த மாநிலத்திலும் அட்டை இல்லை. வேலை சரிப்படாமல் ஊர் திரும்பியபோது புதிதாக விண்ணப்பித்தார்கள், அட்டை வந்தது. NPHH என்று வந்தது. பழைய முன்னுரிமை போனது போனதுதான். அட்டையோடு சேர்ந்து, குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகைக்கும் முதலமைச்சர் காப்பீட்டுக்கும் சிக்கல் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை அந்த அட்டை. உங்கள் விஷயத்தில் அதோடு அம்மாவின் பருப்பும் எண்ணெயும் போகும்.

அதனால் PHH அட்டையாக இருந்தால் ஒரு வருடத்துக்கு ஒப்படைக்கவே வேண்டாம். கார்மெண்ட்ஸ் வேலை நிலைக்கிறதா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அங்கேயே தங்குவது என்று முடிவானால், முழு அட்டையையும் ஒப்படைப்பதைவிட மனைவி, பிள்ளைகள் பெயர்களை மட்டும் நீக்கிச் சான்று வாங்கி அங்கே விண்ணப்பிக்கலாம். அம்மா பெயரில் ஊர் அட்டை தொடரட்டும். NPHH என்றால் இதே வழியை முன்னதாகவே யோசிக்கலாம், ஏனென்றால் பெங்களூருவில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்போதும் கர்நாடகத்தில் விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகுதான் ஊரில் பெயர் நீக்கம்.

இதே வாரம் சாங்கியிலிருந்து ஒருவர், குடும்பம் மன்னார்குடியிலிருந்து சென்னைக்குப் போகிறது என்று கேட்டிருந்தார். அவருக்கு இவ்வளவு சுற்று இல்லை. மாநிலத்துக்குள் முகவரி மாற்றம் மட்டும் போதும். tnpds.gov.in தளத்திலோ இ-சேவை மையத்திலோ புது முகவரிக்கான ஆதாரத்தோடு விண்ணப்பித்தால், அட்டை புதிய பகுதியின் கடைக்கு மாறிவிடும், வகை மாறாது. சென்னையில் வட்ட அலுவலகத்துக்குப் பதில் மண்டல உதவி ஆணையர் அலுவலகம் இருக்கும். இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் நேரில் கொடுத்தால் இழுபறி குறையும்.

உங்களுக்குக் கடைசியாக ஒன்று. ஜூனில் பெங்களூரு போனதும் உங்கள் மனைவி கடை திறக்கும் மாதத் தொடக்கத்திலேயே ஒருமுறை போகட்டும், முதல் நாள் நெரிசல் அடங்கிய பிறகு. முதல் தடவை கடைக்காரர் தயங்கலாம், கன்னடம் தெரிந்த உங்கள் மச்சானைக் கூட அழைத்துப்போகட்டும். மறுத்தால் அங்கிருந்தே 14445-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். அதற்கு முன்னால், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, அந்த மாதம் அவர் இன்னும் அரிசி வாங்கவில்லையே என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.